நாய் படத்தில் ஆளைச் சேர்ப்பதா, ஆள் படத்தில் நாயைச் சேர்ப்பதா?

வீட்டு நாயை எப்போதும் படம் எடுப்பவர் அதை வளர்த்தவர்தான். அதனால் நாயின் படம் நூறு இருக்கும், இருவரும் சேர்ந்திருக்கும் படம் ஒன்றுகூட இருக்காது. அக்கா வளர்த்த மணி இறந்த பிறகு இதைத்தான் கவனித்தோம். மணியையும் தன்னையும் சேர்த்து ஒரு படம் செய்து தரச் சொன்னாள். செய்து கொடுத்தேன். அந்த அனுபவத்தை வைத்துத்தான் இதை எழுதுகிறேன்.

இதற்கு மூன்று வழிகள் உண்டு. ஆள் இருக்கும் படத்தை அடியாக வைத்து நாயை வெட்டி ஒட்டலாம். நாய் இருக்கும் படத்தை அடியாக வைத்து ஆளை வெட்டி ஒட்டலாம். இருவரையும் வெட்டி மூன்றாவது ஒரு பின்னணியில் வைக்கலாம். மென்பொருள் எது என்பது பெரிய விஷயமில்லை. போட்டோஷாப், ஜிம்ப், பிரவுசரிலேயே திறக்கும் ஃபோட்டோபீ என எதிலும் படங்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கும் லேயரும், வேண்டாத பகுதியை மறைக்கும் மாஸ்க்கும் இருக்கின்றன, அதுவே போதும்.

மூன்றாவது வழியை முதலில் தள்ளிவிடலாம். இருவரையும் வெட்டினால் ஓரவேலை இரட்டிப்பாகும். வெளிச்சத்தையும் நிழலையும் இரண்டு பேருக்கும் புதிதாக உருவாக்க வேண்டும். மார்புக்கு மேல் மட்டும் தெரியும் படமாக, பின்னால் வெறும் திரை வைத்துச் செய்தால் எடுபடும், ஏனென்றால் அதில் தரையே வராது. தரை தெரிகிற எந்தப் படத்துக்கும் நான் இதைச் சொல்ல மாட்டேன்.

பெரும்பாலோர் போவது முதல் வழியில்தான். ஐபோனில் படத்தை அழுத்திப் பிடித்தாலே நாய் தனியாகப் பிரிந்து வந்துவிடுகிறது, அதை எடுத்து ஒட்டுவது சுலபம்போல் தெரிகிறது. ஆனால் நாயைத் தூக்கும்போது இரண்டு பொருள்கள் பின்னாலேயே தங்கிவிடுகின்றன. ஒன்று, முடியின் ஓரம். நாய் முடி அரைகுறையாகப் பின்னணியைக் காட்டும், புல்லில் நின்ற வெள்ளை நாய்க்கு ஓரத்தில் பச்சைச் சாயல் ஏறியிருக்கும். இன்னொன்று, பாதம். புல்லுக்குள்ளோ மண்ணிலோ கொஞ்சம் புதைந்த பாதத்தையும் அதன் அடியில் இருக்கும் மெல்லிய கருநிழலையும் வெட்டி எடுத்து வர முடியாது. அதனால்தான் ஒட்டிய நாய்கள் தரையில் நிற்காமல் மிதக்கின்றன.

நான் இரண்டாவது வழிக்குப் போனதற்கு இது ஒரு காரணம். நாய் தன் தரையிலேயே, தன் நிழலோடு இருக்கட்டும். புடவைக்கும் சட்டைக்கும் ஓரம் தெளிவாக இருப்பதால் ஆளை வெட்டுவது எளிது, தலைமுடியில் மட்டும்தான் கொஞ்சம் பொறுமை வேண்டும். இதைவிடப் பெரிய காரணம், மணியை இனிமேல் படம் எடுக்க முடியாது, அக்காவை எடுக்கலாம். மணியின் படத்துக்குப் பொருந்துகிற மாதிரி அவளைப் புதிதாக எடுத்துக்கொள்ளலாம்.

அப்படி எடுக்கும்போது எல்லாவற்றையும்விட முக்கியமானது கேமராவின் உயரம். நிறத்தைச் சரிசெய்யலாம், நிழல் வரையலாம், இதை மட்டும் பிறகு சரிசெய்ய வழியே கிடையாது. நாயை நின்றபடி மேலிருந்து எடுத்தால் முதுகு தெரியும், தலை பெரிதாகும், கால் குட்டையாகும். ஆளை நேருக்கு நேர் எடுத்திருப்பார்கள். இரண்டையும் சேர்த்தால் ஒருவர் சரிவில் நிற்பதுபோல் இருக்கும். பார்ப்பவருக்கு என்ன தப்பு என்று சொல்லத் தெரியாது, ஆனால் ஒட்டு வேலை என்று உடனே தெரிந்துவிடும்.

பழைய படத்தில் கேமரா எந்த உயரத்தில் இருந்தது என்பதைப் படமே சொல்லும். மணி கொல்லையில் உட்கார்ந்திருக்கும் படம் அது. மதில் அடியின் கோடும் சிமென்ட் தரையின் ஓரமும் நிஜத்தில் இணையானவை, படத்தில் தூரம் போகப் போக ஒன்றை ஒன்று நெருங்கும். இரண்டையும் நீட்டி, சந்திக்கும் புள்ளி வழியாகக் குறுக்கே ஒரு படுகோடு போட்டேன். அதுதான் கண்மட்டக் கோடு. சமதரையில் நிற்கும் எந்தப் பொருளையும் அந்தக் கோடு கேமராவின் உயரத்தில்தான் வெட்டும். இங்கே அது தண்ணீர் டிரம்மின் விளிம்பை ஒட்டிப் போனது. 200 லிட்டர் டிரம் ஏறக்குறைய 90 செ.மீ. உயரம். ஆக, அக்கா குனிந்து எடுத்திருக்கிறாள்.

டிரம் இன்னும் அதே இடத்தில் இருந்தது நல்லதாகப் போயிற்று. போனை 90 செ.மீ. உயரத்தில் வைத்து, டிரம் பழைய படத்தில் இருந்த அதே அளவில் தெரியும்வரை முன்னும் பின்னும் நகர்ந்தேன். ஜூம் தொடவில்லை. இரண்டு படமும் ஒரே போனில் எடுத்ததாக இருந்தால், டிரம் அளவு பொருந்தும்போது தூரமும் பொருந்திவிடும், அப்புறம் நாய்க்கும் ஆளுக்கும் அளவு சரிபார்க்கத் தேவையே இல்லை. அக்காவைச் சின்ன முக்காலியில், மணிக்குப் பக்கத்தில் வரவேண்டிய இடத்தில் உட்காரவைத்தேன். கண்மட்டக் கோடு அவள் தாடையருகே வந்தது.

வெயிலுக்கும் ஒரு கணக்கு உண்டு. மணியின் படம் பிப்ரவரி 10 வாக்கில், காலை எட்டு மணிக்கு எடுத்தது. சூரியன் தெற்கே கடைசிவரை போய்த் திரும்பும் டிசம்பர் 21-க்கு அந்தப் பக்கம் அதே தொலைவில் இருக்கும் நாள் அக்டோபர் 31. இரண்டு நாள்களிலும் சூரியன் ஒரே பாதையில்தான் போகும். ஆனால் அக்டோபர் கடைசியில் சூரியன் கடிகாரத்தை முந்திக்கொள்கிறது, பிப்ரவரியில் பின்தங்குகிறது. அதனால் ஏழரைக்கே எடுக்க வேண்டும். அடுத்த பிப்ரவரிவரை அக்கா காத்திருக்க மாட்டாள் என்பதால் இந்தக் கணக்கு உதவியது.

இந்தச் சிரமம் எதற்கு, வெளிச்சம் மாறியிருந்தால் படத்தை இடம்வலமாகத் திருப்பிப் போட்டால் போச்சு என்று சிலர் சொல்வார்கள். திருப்பினால் முந்தானை வலது தோளுக்குப் போய்விடும், ஆண்களுக்குச் சட்டைப்பை வலப்பக்கம் வரும். நாயைத் திருப்பினாலும் அதே கதைதான். மணிக்கு இடது காது நுனி கிழிந்திருக்கும், அது வலது காதுக்கு மாறினால் ஊரார் கவனிக்க மாட்டார்கள், அக்கா கவனிப்பாள்.

கடைசியாக, கை. இருவரும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தால் மட்டும் போதாது, ஒருவர் இன்னொருவரைக் கொஞ்சமாவது மறைக்க வேண்டும். மணியின் கழுத்து உயரத்துக்கு ஒரு குடத்தை வைத்து, அதன்மேல் சுருட்டிய துண்டைப் போட்டு அக்காவைக் கை வைக்கச் சொன்னேன். வெறும் காற்றில் கையை நீட்டினால் விரல்கள் விறைப்பாக நிற்கும், துண்டின்மேல் அழுந்தும்போதுதான் விரல் நிஜமாக வளையும். கணினியில் துண்டை மறைத்துவிட்டு, மாஸ்க்கில் மெல்லிய பிரஷ்ஷால் விரல்நுனிமேல் சில முடிகளை வரவைத்தேன். கைக்கு அடியில், கீழே இருப்பதைக் கருமையாக்கும் Multiply லேயரில் ஒடுங்கிய நிழல் ஒன்று, அதைவிட அகலமாகவும் மங்கலாகவும் இன்னொன்று. முக்காலியின் நிழல் தரையோடு சேர்ந்தே வெட்டுப்பட்டு வந்ததால் அதை வரைய வேண்டியிருக்கவில்லை.

முதல் வழிக்கும் இடம் உண்டு. ஆள் காலமாகி நாய் உயிரோடு இருந்தால் ஆளின் படம்தான் அடி. அப்போது நாயைப் புல்லில் எடுக்காமல் அந்தப் படத்தில் இருக்கும் தரைக்கு ஒத்த தரையில், முடிக்கு மாறுபட்ட நிறத்தில் பின்னணி வைத்து எடுக்க வேண்டும். பாதத்தடியில் இருக்கும் நிழலையும் தரையோடு சேர்த்து எடுத்து வரலாம். பிஸ்கட்டைக் காட்டினால் நாய் அந்த உயரத்துக்கு முகத்தைத் தூக்கும். பூனை சொன்னபடி கேட்குமா என்பது வேறு விஷயம், அதை நான் முயன்றதில்லை. கருநாய்க்கும் இதே முறை சரிவருமா என்று உறுதியாகச் சொல்ல மாட்டேன், கறுப்பு முடியில் நிழலே தெரியாது.

எந்த வழியானாலும் மூலப் படத்தை வாட்ஸப்பில் சாதாரணமாக அனுப்பச் சொல்லாதீர்கள், டாக்குமெண்டாக அனுப்பச் சொல்லுங்கள். சுருங்கி வந்த படத்தில் முடி குழைந்து போயிருக்கும், புதிதாக எடுத்த ஆள் மட்டும் துல்லியமாகத் தெரிவார். எனக்கு அப்படித்தான் ஒரு படம் வந்தது. அக்காவை லேசாக மங்கவைத்து, இருவர்மேலும் ஒரே அளவு மணல்போன்ற நுண்புள்ளிகளைத் தூவி ஈடுகட்டினேன். ஆறுக்கு நான்கு பிரிண்டில் அது தெரியவில்லை, பெரிதாக்கினால் தெரியும்.