வஞ்சிரம் வறுக்க எந்தக் கல்? நான்ஸ்டிக், வார்ப்பிரும்பு, அலுமினியம் மூன்றையும் புழங்கிப் பார்த்ததில்

கடலூர் முதுநகர்ப் பக்கம் குடியிருப்பதால் எங்கள் வீட்டில் வாரத்தில் பாதி நாள் மீன்தான். நான்ஸ்டிக் தவா, வார்ப்பிரும்புக் கல், அலுமினிய வாணலி மூன்றும் பல வருடங்களாக ஒரே அடுப்பில் மாறி மாறி ஏறி இறங்குகின்றன. எது நல்லது என்று கேட்டால் எதை வறுக்கப் போகிறீர்கள் என்றுதான் திருப்பிக் கேட்பேன். கல்லில் ரெண்டு கரண்டி எண்ணெய் விட்டு வறுக்கிற வஞ்சிரத்துக்கும், வாணலி நிறைய எண்ணெயில் பொரிக்கிற நெத்திலிக்கும் பாத்திரம் செய்கிற வேலை வேறு.

முதலில் வஞ்சிரம். அரை அங்குலக் கனத்துக்கு வெட்டிய துண்டுகளில் மிளகாய்த்தூள், மஞ்சள், உப்பு, இஞ்சிபூண்டு, எலுமிச்சைச் சாறு தடவி அரை மணி நேரம் வைத்தால் உப்பு மீனிலிருந்து தண்ணீரை இழுத்துவிடும். அந்தத் தண்ணீரை வடித்துவிட்டுத்தான் கல்லில் போட வேண்டும். குளிர்ந்த, ஈரமான மூன்று துண்டுகளை ஒரே நேரத்தில் வைக்கும்போது கல்லின் சூடு சட்டென்று இறங்கும். எவ்வளவு இறங்குகிறது என்பதில்தான் வறுவலின் தலையெழுத்து இருக்கிறது. சூடு தாக்குப்பிடித்தால் ஈரம் உடனே ஆவியாகி மேலே மொறுமொறுப்பான ஓடு கட்டும். தாக்குப்பிடிக்காவிட்டால் மீன் தன் தண்ணீரிலேயே வெந்து மசாலா கல்லோடு ஒட்டிக்கொள்ளும்.

வார்ப்பிரும்பு இங்கே ஜெயிப்பதற்குக் காரணம் அதன் எடை. கிலோவுக்குக் கிலோ பார்த்தால் இரும்பைவிட அலுமினியம்தான் ஏறத்தாழ இரண்டு மடங்கு சூட்டைப் பிடித்து வைக்கும். ஆனால் என் இரும்புக் கல் இரண்டு கிலோவைத் தாண்டும், மெல்லிய அலுமினிய வாணலியோ அரை கிலோ சொச்சம். கணக்குப் போட்டால் கல்லில் இருக்கும் சூடு வாணலியில் இருப்பதைப் போல இரண்டு மடங்கு. அதனால்தான் மீன் விழுந்ததும் கல்லில் சத்தம் குறையாமல் சீறுகிறது.

இரும்புக்கு ஒரு குறை உண்டு. அது சூட்டை மெதுவாகத்தான் கடத்தும். அலுமினியம் அதைவிடப் பல மடங்கு வேகம். பெரிய தீயில் அவசரமாக வைத்தால் கல்லின் நடுவில் மட்டும் கருகும், ஓரம் ஆறியே கிடக்கும். நான் மிதமான தீயில் ஏழெட்டு நிமிடம் காயவிடுவேன். தண்ணீர் தெளித்தால் துளி அங்கேயே பொரிந்து மறையாமல் முத்தாக உருண்டு ஓட வேண்டும். அப்புறம் எண்ணெய். அது லேசாக நெளிந்து, புகை வரலாமா என்று யோசிக்கிற நேரத்தில் மீன். வைத்த பிறகு நான்கு நிமிடம் கரண்டி படக்கூடாது. என் மாமியார் பக்கத்தில் நின்றால், “கைய வச்சிக்கிட்டு சும்மா இரும்மா, வெந்தா அதுவே விடும்” என்பார். உண்மைதான், ஓடு கட்டியதும் துண்டு தானாகக் கல்லை விட்டுவிடும். கரண்டியை நுழைக்கும்போது பிடித்துக்கொண்டு வந்தால் இன்னும் ஒரு நிமிடம் பொறுக்க வேண்டும் என்று அர்த்தம்.

நான்ஸ்டிக்கில் இந்தப் பொறுமையெல்லாம் தேவையில்லை, எந்தச் சூட்டிலும் மீன் வழுக்கிக்கொண்டு வரும். ஆனால் என் தவா கனமில்லாதது, மூன்று துண்டு வைத்ததும் தண்ணீர் கட்டிவிடும். மீன் வெந்துவிடும், நிறம் மட்டும் வராது. நிறத்துக்காகத் தீயைக் கூட்டினால் பூச்சுக்கு ஆயுள் குறையும். அந்தப் பூச்சு டெஃப்லான் வகை, 260 டிகிரி செல்சியஸுக்கு மேல் மெல்லக் கெட ஆரம்பிக்கும். இன்னும் சூடேறினால் வரும் புகை மூச்சுக்கு ஆகாது. வீட்டில் கிளி வளர்ப்பவர்கள் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும், பறவைகளை அது கொன்றுவிடும். ரீஃபைண்ட் எண்ணெய் அநேகமாக அதற்கு முன்பே புகைந்து எச்சரிக்கும். எண்ணெய் இல்லாத வெறும் தவாவைப் பெரிய தீயில் வைத்துவிட்டுப் போனை எடுக்கப் போவதுதான் ஆபத்து, எச்சரிக்க அங்கே ஒன்றும் இல்லை. பூச்சு போய்விட்டதா என்று அறிய எண்ணெயில்லாமல் ஒரு முட்டையை ஊற்றிப் பாருங்கள். நடுவில் மட்டும் பிடித்தால் தீ நேராகப் படும் இடத்தில் பூச்சு தீய்ந்திருக்கிறது. ஆம்லெட்டுக்கும் சிறுதீயில் செய்கிறவற்றுக்கும் இதை மிஞ்ச ஆளில்லை. அதோடு நிறுத்திக்கொள்கிறேன்.

நெத்திலி, காரப்பொடி மாதிரிப் பொடிமீன் பொரிக்கும்போது கதை மாறுகிறது. முக்கால் லிட்டர் எண்ணெய் இருந்தால் சூட்டைச் சுமப்பது எண்ணெய்தான். இறங்கிய சூட்டைத் தீயிலிருந்து சீக்கிரம் திரும்ப வாங்கிக் கொடுப்பதே பாத்திரத்தின் வேலை, அதை அலுமினியம் அருமையாகச் செய்யும். தீயைக் குறைத்தாலும் உடனே அடங்கும். இரும்புச் சட்டியோ அடுப்பை அணைத்த பிறகும் சூட்டை விடாது, கடைசி ஈடு நெத்திலியை நொடியில் கருக்கிவிடும். அதனால் பொரிக்க எப்போதும் அலுமினிய வாணலிதான். வாங்கும்போது கனத்தைப் பாருங்கள், விரலால் அழுத்தினால் நெளிகிற தகடு சீக்கிரம் அடி வளைந்து ஆடும்.

எங்கள் போர்த் தண்ணீரில் அலுமினியம் கறுத்துப்போகும். உப்பும் சுண்ணாம்பும் கலந்த தண்ணீர், சோடா கலந்த பாத்திரப் பொடி இரண்டுமே அதைச் செய்யும். கறுப்பால் கெடுதல் ஒன்றுமில்லை. ஆனால் கறுத்த குண்டானில் புளிக்குழம்பு வைத்து, கழுவிப் பார்த்தால் பளபளவென்று இருக்கிறதே, அந்தக் கறுப்பு போன இடம் குழம்பு. புளி அலுமினியத்தை அரிக்கும். வார்ப்பிரும்பில் வைத்தால் குழம்பு கறுத்து, பழக்கிய எண்ணெய்ப் படலமும் கரைந்துவிடும். மீன் குழம்புக்கு எங்கள் வீட்டில் இன்றும் மண்சட்டிதான்.

கடற்கரை ஊரில் இரும்பு வைத்திருப்பவர்களுக்குத் துருதான் தலைவலி. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் பெரிய மீன் வரத்துக் குறைந்து கல்லும் சும்மா கிடக்கும். உப்புக்காற்றுக்கு அதுவே போதும், ஓரமெல்லாம் செம்மண் பூசியதுபோல் ஆகிவிடும். தூக்கிப் போட வேண்டாம். கல்லுப்பும் தேங்காய் நாரும் வைத்துத் தேய்த்துக் கழுவி, அடுப்பிலேயே ஈரம் போகக் காயவைத்து, கடலை எண்ணெயைத் துணியால் தடவி, தடவியதை மறுபடி துடைத்து எடுத்துவிடுங்கள். பார்த்தால் எண்ணெய் இருப்பதே தெரியக்கூடாது. புகை வந்து அடங்கும்வரை சூடேற்றி, ஆறவிட்டு, மூன்று நான்கு முறை இதையே செய்தால் எண்ணெய் இறுகிக் கறுப்புப் படலமாகப் பிடிக்கும். கை வைத்தால் பிசுபிசுத்தால் எண்ணெய் அதிகமாகிவிட்டது. தேங்காய் எண்ணெய் இப்படி இறுகாது, அதை இதற்கு எடுக்காதீர்கள்.

தோசைக்குத் தனிக் கல் வைத்திருக்கிறோம். மீன் கல்லை எவ்வளவு தேய்த்தாலும் காலைத் தோசையில் வஞ்சிர வாசம் எட்டிப் பார்க்கும், மாமியார் கண்டுபிடித்துவிடுவார். மணிக்கட்டு வலி உள்ளவர்களுக்கு வார்ப்பிரும்பு சரிப்படாது. அவர்களுக்குத் தகட்டு இரும்புக் கல் பாதி எடையில் கிடைக்கும். அதில் ஒரு நேரத்தில் இரண்டு துண்டு மட்டும் வைத்து வறுத்தால் சூடு இறங்காது.