கோயம்புத்தூர் மேமோகிராம் ரிப்போர்ட்: எனக்கு 0, அண்ணிக்கு 3

இந்தத் தைப் பொங்கலுக்கு ஊருக்குப் போனபோது நானும் அண்ணியும் கோயம்புத்தூரில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் மேமோகிராம் எடுத்துக்கொண்டோம், மார்பகப் புற்றுநோய் இருக்கிறதா என்று பார்க்கும் எக்ஸ்ரே அது. எனக்கு ஐம்பது தாண்டியாகிவிட்டது, சிங்கப்பூரில் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை எடுக்கச் சொல்வார்கள், அந்தத் தவணை வந்திருந்தது. அண்ணிக்கு 46, கோபி பக்கம் தோட்டத்தில் இருக்கிறார், வாழ்நாளில் இதுவரை எடுத்ததே இல்லை. நான் கூப்பிட்டதால்தான் வந்தார். ரிப்போர்ட் கையில் வந்த பிறகு வீட்டில் நடந்த குழப்பத்தைப் பார்த்தபோது, இதை எழுதினால் இன்னொரு வீட்டுக்காவது உதவும் என்று தோன்றியது. வெளிநாட்டிலிருந்து லீவில் வந்து, அம்மாவையோ அக்காவையோ இழுத்துக்கொண்டு போய் செக்கப் பார்க்கும் எங்களை மாதிரி ஆட்கள் நிறையப் பேர் இருக்கிறோம் இல்லையா.

முதலில் ஆஸ்பத்திரியைப் பற்றி. முந்தைய நாள் போன் செய்து நேரம் வாங்கியிருந்தோம். படம் எடுத்தது பெண் டெக்னீஷியன்தான். உள்ளே போனதும் அவர் கேட்ட முதல் கேள்வி, "அக்குள்ல பவுடர் ஏதாச்சும் போட்டிருக்கீங்களாங்?" அண்ணி குளித்துவிட்டுத் தாராளமாகப் போட்டுக்கொண்டுதான் வந்திருந்தார். ஈரத் துணி கொடுத்துத் துடைக்கச் சொன்னார்கள், ஏனென்றால் பவுடரும் ஸ்ப்ரேயும் படத்தில் பொடிப்பொடியாகச் சுண்ணாம்புப் புள்ளி மாதிரி விழும், அது நிஜமான புள்ளியா இல்லையா என்று பிறகு சந்தேகம் வரும். ஒவ்வொரு பக்கமும் மேலிருந்து ஒன்று, சாய்வாக ஒன்று என்று இரண்டு படம். அழுத்தும்போது வலிக்கத்தான் செய்கிறது, ஆனால் சில நொடிதான். சாயங்காலம் ரிப்போர்ட் வந்துவிட்டது.

அதில் கடைசியில் ஒரு வரி இருக்கும், பைராட்ஸ் என்று போட்டு ஒரு எண். அமெரிக்க ரேடியாலஜி கல்லூரி வகுத்த முறை இது, நம் ஊரிலும் சிங்கப்பூரிலும் இதையே எழுதுகிறார்கள். 0 முதல் 6 வரை போகும். என்னுடையதில் 0. "பூஜ்யம்னா ஒண்ணுமில்லைன்னுதானே, வா போலாம்" என்றான் அண்ணன். அப்படி இல்லை. 0 என்றால் இன்னும் முடிவு சொல்ல முடியவில்லை, மேற்கொண்டு படமோ பழைய படமோ வேண்டும் என்று அர்த்தம். ஒன்றுமில்லை என்பதற்கு 1. பார்த்ததில் ஏதோ இருக்கிறது, ஆனால் நீர்க்கட்டி மாதிரி தீங்கில்லாதது என்று உறுதியாகத் தெரிந்தால் 2. இந்த இரண்டுக்கும் அடுத்த வழக்கமான தவணைக்கு வந்தால் போதும். அந்தத் தவணை நாட்டுக்கு நாடு மாறும். சிங்கப்பூரில் நாற்பதுகளில் வருடத்துக்கு ஒன்று, ஐம்பதுக்கு மேல் இரண்டு வருடத்துக்கு ஒன்று. பிரிட்டனில் ஐம்பதிலிருந்து மூன்று வருடத்துக்கு ஒன்று. 0 வந்த ரிப்போர்ட்டை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு விமானம் ஏறிவிட்டால் சோதனையைப் பாதியில் விட்டதாகத்தான் கணக்கு.

எனக்கு ஏன் 0 வந்தது என்றால், வலது பக்கத்தில் ஒரு இடம் மறுபக்கத்தைவிட அடர்த்தியாகத் தெரிந்தது, ஒப்பிட்டுப் பார்க்கப் பழைய படம் அவர்களிடம் இல்லை. அடுத்த நாளே கூப்பிட்டு அந்த இடத்தை மட்டும் சின்னத் தகட்டால் அழுத்தி ஒரு படமும் அல்ட்ராசவுண்டும் எடுத்தார்கள். கட்டி எதுவும் தெரியவில்லை. ஆனாலும் ரேடியாலஜிஸ்ட் அம்மா, "பழைய படம் எங்கேயாச்சும் இருந்தா வரவழைங்க" என்றார். சிங்கப்பூரில் மகள் போய் என் பழைய மேமோகிராம் சிடியை வாங்கி, அதிலிருந்த டைகாம் என்கிற அசல் படக் கோப்புகளை அனுப்பினாள். போன தடவையும் அதற்கு முந்தைய தடவையும் அதே இடத்தில் அதே அடர்த்தி, துளியும் மாறவில்லை. 0 என்பது 2 ஆகிவிட்டது. ரிப்போர்ட் தாளை மட்டும் கொண்டுபோனால் இது நடந்திருக்காது. போனில் ஃபிலிமைப் படம் பிடித்து வாட்ஸ்அப்பில் அனுப்பினாலும் பிரயோசனமில்லை, நுணுக்கமான புள்ளிகள் அதில் தெரியாது. ஊருக்குக் கிளம்பும்போதே சிடியைப் பெட்டியில் போட்டுக்கொள்ளுங்கள்.

அண்ணி விஷயம்தான் பெரிதாகிவிட்டது. மேமோகிராமில் இடது பக்கம் ஒரு சின்னக் கட்டி தெரிந்தது. உடனே அல்ட்ராசவுண்ட் பார்த்தார்கள். முட்டை வடிவம், 11 மில்லிமீட்டர் நீளம், 6 மில்லிமீட்டர் உயரம், விளிம்பு முழுக்கத் தெளிவாக இருக்கிறது, தோலுக்கு இணையாகப் படுத்த மாதிரி இருக்கிறது. கையில் தட்டுப்படவும் இல்லை. ரிப்போர்ட்டில் 3 என்றும், ஆறு மாதத்தில் மறுபடி ஸ்கேன் என்றும் இருந்தது. அதற்கு மேலே வேறொரு வரியில் அடர்த்தி 'சி' என்றும் இருந்தது. அண்ணன் அந்த 3-ஐப் புற்றுநோயின் மூன்றாம் நிலை என்று எடுத்துக்கொண்டு அப்படியே திண்ணையில் உட்கார்ந்துவிட்டான். அண்ணி ஒரு வார்த்தை பேசவில்லை, எழுந்துபோய் மாட்டுக்குத் தண்ணி காட்டிக்கொண்டிருந்தார்.

3 என்றால் நோயின் நிலை இல்லை. பெரும்பாலும் தீங்கில்லாதது, ஆனால் 2 என்று அடித்துச் சொல்ல இன்னும் கொஞ்ச காலம் பார்க்க வேண்டும் என்பதுதான் 3. இப்படி 3 வந்த நூறு பேரில் புற்றுநோயாக இருப்பது அதிகபட்சம் இரண்டு பேருக்கு. அடர்த்தி 'சி' என்பது மார்பில் கொழுப்பை விட மற்ற திசு எவ்வளவு என்ற கணக்கு, ஏ முதல் டி வரை இருக்கிறது, இந்த எண்ணோடு அதற்குச் சம்பந்தமில்லை. அடர்த்தி கூடினால் மேமோகிராமில் சின்னக் கட்டிகள் மறைந்துவிடலாம்.

சரி, இரண்டு சதவீதமாவது இருக்கிறதே, இப்போதே எடுத்துப் போட்டுவிட்டால் என்ன? உள்ளூரில் ஒரு டாக்டரும் அதையேதான் சொன்னார், "தங்கச்சி ஊரில் இருக்கும்போதே ஆபரேஷன் முடிச்சிருங்க" என்று. அந்தப் பேச்சு எனக்கும் நியாயமாகத்தான் பட்டது. மறுபடி ரேடியாலஜிஸ்டிடம் போய்க் கேட்டோம். அவர் எங்களை உட்காரவைத்துத் திரையில் படத்தைக் காட்டி நிதானமாகச் சொன்னார். இந்த மாதிரி விளிம்பு தெளிவான முட்டை வடிவக் கட்டி பெரும்பாலும் ஃபைப்ரோஅடினோமா என்கிற தீங்கில்லாத கட்டி, அது அநேகமாக அப்படியேதான் கிடக்கும். அந்த இரண்டு பேரில் ஒருவராக இருந்தாலும் ஆறு மாதத்தில் அது வளர்ந்தோ விளிம்பு மாறியோ காட்டிக்கொடுக்கும், அப்போதும் ஆரம்பத்திலேயே பிடித்துவிடலாம். எடுத்தவுடன் கத்தி வைத்தால் மீதி 98 பேருக்கும் வீணாகத் தழும்பு. அதனால் 6, 12, 24 மாதம் என்று பார்த்து, இரண்டு வருடமும் மாறாமல் இருந்தால் 2 என்று எழுதிவிடுவார்கள். நீளம் ஆறு மாதத்தில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் கூடினால், அதாவது 11 என்பது 13-ஐத் தாண்டினால், 4 என்று மாற்றி, கட்டியிலிருந்து ஊசியால் கொஞ்சம் எடுத்துச் சோதிக்கும் பயாப்ஸி.

அவர் சொன்ன இன்னொன்றும் முக்கியம். 3 வந்தாலும் சிலருக்குக் காத்திருக்காமல் பயாப்ஸி செய்துவிடுவது உண்டு. திரும்பி வருவார் என்ற நம்பிக்கை இல்லாதவர், கர்ப்பத்துக்குத் திட்டமிடுபவர், வேறு இடத்தில் ஏற்கெனவே புற்றுநோய் உள்ளவர், குடும்பத்தில் மரபணு மாற்றம் உள்ளவர். எங்களை மாதிரி லீவில் வந்தவர்களுக்கு 3 வந்தால் இதைத்தான் யோசிக்க வேண்டும்: ஆறு மாதத்தில் நான் இருக்கும் ஊரில் இதே அளவைக் கையில் வைத்துக்கொண்டு ஸ்கேன் பார்க்க ஆள் இருக்கிறதா? இருந்தால் படங்களோடு போகலாம். இல்லையென்றால் டாக்டரிடம் அதை வாய் திறந்து சொல்ல வேண்டும், ஏனென்றால் முடிவு அங்கேயே மாறலாம். அண்ணி கோபியில்தான் இருக்கிறார், பஸ் ஏறினால் கோயம்புத்தூர், அவருக்குக் காத்திருப்பதுதான் சரி.

ரிப்போர்ட்டை எப்படி நம்புவது என்று கேட்டால், ஒரு இடத்தை மட்டும் பாருங்கள். வழக்கமான நான்கு படத்தை மட்டும் வைத்துக்கொண்டு, அல்ட்ராசவுண்டோ கூடுதல் படமோ பார்க்காமல் 3 என்று எழுதியிருந்தால் அது முழுமையான 3 இல்லை. அங்கே 0 என்று எழுதி மேற்கொண்டு பார்த்திருக்க வேண்டும். தூரத்துச் சொந்தத்தில் ஒருவருக்கு இப்படித்தான் ஒரு ஸ்கேன் சென்டரில் 3 போட்டு அனுப்பிவிட்டார்கள். நாங்கள் கூட்டிப்போய் அல்ட்ராசவுண்ட் பார்த்ததில் அது வெறும் நீர்க்கட்டி, 2.

4 அல்லது 5 என்று வந்தால் காத்திருக்கும் பேச்சே இல்லை, பயாப்ஸிதான். ஆனால் 4 ரொம்ப அகலமானது, நூறில் இரண்டுக்கு மேல் தொடங்கி 95 வரை அதற்குள் அடங்கும், அதனால்தான் 4ஏ, 4பி, 4சி என்று பிரிக்கிறார்கள். 4ஏ என்றால் நூறில் பத்துக்குள், 4பி என்றால் ஐம்பது வரை, 4சி அதற்கு மேல். வெறும் 4 என்று இருந்தால் எந்த எழுத்து என்று கேட்டுவிடுங்கள். 5 என்றால் 95-ம் அதற்கு மேலும். 6 என்பது பயாப்ஸியில் ஏற்கெனவே உறுதியானவருக்கு, சிகிச்சைக்கு நடுவே எடுக்கும் படத்தில் எழுதுவது.

பயாப்ஸி என்றதும் நம் பக்கம் இன்னும் பல இடங்களில் மெல்லிய ஊசி டெஸ்ட்டைத்தான் சொல்கிறார்கள், எஃப்என்ஏசி. அது சில செல்களை உறிஞ்சி எடுப்பது. அதற்குப் பதிலாக, மரத்துப்போக ஊசி போட்டு, ஸ்கேனில் பார்த்துக்கொண்டே கொஞ்சம் தடித்த ஊசியால் சதைத் துணுக்குகளாக எடுக்கும் கோர் பயாப்ஸியைக் கேளுங்கள். படம் 4சி அல்லது 5 என்று சொல்லி, ஊசி டெஸ்ட் 'ஒன்றுமில்லை' என்று சொன்னால் விஷயம் முடியவில்லை. படமும் பயாப்ஸியும் ஒத்துப்போக வேண்டும், ஒத்துப்போகவில்லையென்றால் மறுபடி எடுக்க வேண்டும். பெருந்துறைப் பக்கம் எங்கள் அத்தை ஒருவருக்கு முதல் ஊசியில் ஒன்றுமில்லை என்று வந்ததை நம்பி விட்டுவிட்டார்கள். பிறகு கோயம்புத்தூரில் கோர் பயாப்ஸி செய்தபோதுதான் புற்றுநோய் என்று தெரிந்தது. அந்த இடைப்பட்ட மாதங்களை நினைத்தால் எனக்கு இன்னும் மனசு ஆறவில்லை.

கையில் கட்டி தட்டுப்படுகிறது, ஆனால் ரிப்போர்ட்டில் 1 என்று வந்திருக்கிறது என்றாலும் டாக்டரிடம் காட்டாமல் விடக் கூடாது. மேமோகிராமில் தெரியாத கட்டியும் உண்டு.

ஆடியில் அண்ணன் அண்ணியை அதே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனான். பழைய சிடியை எடுத்துப்போகச் சொல்லி முந்தைய நாளே போன் செய்திருந்தேன். நீளம் 11, உயரம் 6, விளிம்பிலும் மாற்றமில்லை, மறுபடி 3. "இன்னும் ரெண்டு ஆகலையா?" என்று அண்ணன் கேட்டான். இரண்டு வருடக் கணக்கு முடிய இன்னும் இருக்கிறது என்று சொன்னேன். அடுத்தது தையில், இரண்டு பக்கமும் மேமோகிராம், கூடவே இடது பக்கம் ஸ்கேன்.