உறுப்பினரா, சான்றிதழா: பெயருக்குப் பின்னால் எந்த எழுத்தைப் போடலாம்?

ராணிப்பேட்டை சிப்காட்டிலும் முகுந்தராயபுரம் பக்கமும் ஃபேப்ரிகேஷன் ஷாப்களில் தரப்பிரிவுக்கு வரும் பயோடேட்டாக்களில், பெயருக்கு அடுத்து 'டி.எம்.இ., ஏ.எஸ்.என்.டி. லெவல் II' என்று ஒரே மூச்சில் எழுதியிருப்பதைப் பார்க்கலாம். இதில் முதல் பாதியான மெக்கானிக்கல் டிப்ளமோ சரி. இரண்டாம் பாதி, அதாவது பொருளை உடைக்காமல் சோதிக்கும் என்.டி.டி. வேலைக்கான தகுதிப் படியை அமெரிக்கச் சங்கம் ஒன்றின் பெயரில் போட்டுக்கொள்வது, பெரும்பாலும் சரியில்லை. எழுதுகிறவர் ஏமாற்ற நினைப்பதில்லை. பயிற்சி மையத்தில் அப்படிச் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள், அவ்வளவுதான். வெல்டிங் ஆய்விலும் என்.டி.டி.யிலும் இருப்பவர்கள் கையில் கொஞ்சம் பணம் சேர்ந்ததும், ஒரு தொழில் அமைப்பில் உறுப்பினராவதா, சான்றிதழ் எடுப்பதா என்று கேட்கிறார்கள். நான் சான்றிதழ் பக்கம். அதிலும் ஒரு குறிப்பிட்ட வகைச் சான்றிதழின் பக்கம்.

உறுப்பினர் விஷயத்தைச் சுருக்கமாகவே சொல்லிவிடலாம். 1920-ல் தொடங்கி 1935-ல் அரச சாசனம் பெற்ற இன்ஸ்டிடியூஷன் ஆஃப் இன்ஜினியர்ஸ் (இந்தியா) போன்ற அமைப்பில், படிப்பையும் அனுபவத்தையும் பார்த்துத்தான் தரம் தருகிறார்கள். ஏ.எம்.ஐ.இ., எம்.ஐ.இ., எஃப்.ஐ.இ. என்ற எழுத்துகள் அந்தத் தரங்களுக்கு உரியவை. அமைப்பின் பதிவேட்டில் பெயர் இருக்கும்வரை அவற்றைப் பெயருக்குப் பின்னால் தாராளமாகப் போட்டுக்கொள்ளலாம். வேலை மாறினாலும் எழுத்து மாறாது. சார்ட்டர்ட் இன்ஜினியர் சான்றும் இந்த வழியில் வருவதுதான். ஆம்பூர், வாணியம்பாடி தோல் தொழிற்சாலைகள் வெளிநாட்டிலிருந்து பழைய இயந்திரம் இறக்கும்போது சுங்கத்துறைக்குக் கொடுக்கும் மதிப்பீட்டுச் சான்றிதழில் அதற்கு நல்ல பயன் உண்டு. ஆனால் அதே முத்திரையை வைத்து ஒரு பிரஷர் வெசலைச் சோதித்ததாகக் கையெழுத்திட முடியாது. அதற்கு மாநில அரசு தனியாக அங்கீகரித்த 'தகுதி பெற்ற நபர்' வேண்டும்.

ஏ.எம்.ஐ.இ. என்பதில் மட்டும் ஒரு எச்சரிக்கை. அது இணை உறுப்பினர் தரத்தையும் குறிக்கும், பகுதி ஏ, பி தேர்வுகளில் தேறியதையும் குறிக்கும். அந்தத் தேர்வை பட்டத்துக்கு இணையாக மத்திய அரசு ஏற்பது 2013 மே 31-க்குள் பதிவு செய்தவர்களுக்குத்தான். அதனால் தேர்வு எழுதித் தேறியவர் பதிவு செய்த ஆண்டையும் சேர்த்து எழுதுவது நல்லது. பி.இ. படித்து நேரடியாக உறுப்பினரானவர் பி.இ.யை முதலில் எழுதிவிட்டால் குழப்பமே இல்லை.

என்.டி.டி. அமைப்புகளின் உறுப்பினர் அட்டை வேறு மாதிரி. அமெரிக்காவின் என்.டி.டி. சங்கமான ஏ.எஸ்.என்.டி.யில் கட்டணம் கட்டினால் உறுப்பினராகலாம். சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட இந்தியச் சங்கமான ஐ.எஸ்.என்.டி.யில் ஆயுள் உறுப்பினராகவும் சேரலாம். இதழ், கிளைக் கூட்டம், ஆட்களின் பழக்கம் எல்லாம் கிடைக்கும். அந்தப் பழக்கத்தால் வேலை கிடைத்தவர்களும் உண்டு. ஆனால் உங்களால் ஒரு வெல்டில் விரிசலைக் கண்டுபிடிக்க முடியும் என்பதை அந்த அட்டை சொல்லாது. பயோடேட்டாவில் 'உறுப்பினர்' என்று முழுச் சொல்லாகத் தனி வரியில் எழுதுங்கள். அமைப்பின் பெயரை லெவலோடு ஒட்டி எழுதும்போதுதான் தப்பு நடக்கிறது.

இனி சான்றிதழ். இங்கே இரண்டு கேள்விக்கு விடை தெரிந்தால் மற்றதெல்லாம் தெளிவாகிவிடும்: இந்தச் சான்றிதழைக் கொடுத்தது யார், அது எப்போது செத்துப்போகும்?

நம் ஊரில் அதிகம் புழங்குவது எஸ்.என்.டி-டி.சி-1ஏ என்ற வழிகாட்டி ஆவணம். இதை வெளியிடுவது ஏ.எஸ்.என்.டி.தான், ஆனால் இதன்படி லெவல் I, லெவல் II சான்றிதழை ஏ.எஸ்.என்.டி. கொடுப்பதில்லை. இது வேலை கொடுக்கும் கம்பெனிக்கான பரிந்துரை. கம்பெனி தனக்கென ஓர் எழுத்து நடைமுறையை வகுத்து, லெவல் III ஆளை வைத்துத் தேர்வு நடத்தி, கம்பெனியின் பொறுப்பாளர் கையெழுத்தில் தன் ஊழியருக்குச் சான்று தருகிறது. ஆகவே இந்தச் சான்றை வைத்து 'ஏ.எஸ்.என்.டி. லெவல் II' என்று ஒருவர் எழுதினால், கொடுக்காத அமைப்பின் பெயரை எழுதுகிறார் என்று பொருள். ஏ.எஸ்.என்.டி. நேரடியாகத் தேர்வு வைத்துத் தரும் லெவல் III வேறு. அதை வைத்திருப்பவர் அமைப்பின் பெயரோடு, எண்ணோடு எழுதலாம். அதற்கும் உறுப்பினர் கட்டணத்துக்கும் சம்பந்தமில்லை.

ஒலியலையால் உள்குறையைத் தேடும் யூ.டி. முறையின் சான்றிதழ் ஒன்றைக் கையில் எடுத்துப் பார்ப்போம். பள்ளிப்படிப்பு முடித்தவருக்கு அல்ட்ராசோனிக் முறையில் பரிந்துரைக்கப்படும் வகுப்பு லெவல் I-க்கு 40 மணி, லெவல் II-க்கு மேலும் 40 மணி. அனுபவம் 210 மணி, பிறகு 630 மணி. நேரே லெவல் II போகிறவர் இரண்டையும் கூட்டிக் காட்ட வேண்டும்: வகுப்பு 80, அனுபவம் 840. டிப்ளமோ, இன்ஜினியரிங் படித்தவருக்கு வகுப்பு மணியைக் கொஞ்சம் குறைத்த பதிப்புகளும் உண்டு. எது பொருந்தும் என்பதைக் கம்பெனியின் எழுத்து நடைமுறைதான் சொல்லும். 840 மணி என்றால் நாளுக்கு 8 மணி புரோப்பைப் பிடித்தே நின்றாலும் 105 நாள். நம் ஷாப்களில் ஒரு ஷிஃப்டில் யூ.டி. வேலை இரண்டு மணி நேரம் இருந்தாலே அதிகம். அந்தக் கணக்கில் 420 வேலை நாள், மாதம் 25 நாள் என்றால் ஏறத்தாழ 17 மாதம். சாயத்தால் சோதிக்கும் பி.டி., காந்தத்தால் சோதிக்கும் எம்.டி., யூ.டி., கதிர்வீச்சால் படமெடுக்கும் ஆர்.டி. நான்கிலும் 12 நாள் வகுப்பில் லெவல் II என்று ஒரு தாள் வந்தால், யூ.டி.யின் 80 மணிக்கே 10 நாள் போய்விட்டதே, மற்ற மூன்றும் எங்கே என்று கேட்க வேண்டும். அந்தத் தாள் வகுப்புக்கு வந்ததற்கும் தேர்வு எழுதியதற்கும் ஆதாரம். அந்த அளவில் அதற்கு மதிப்புண்டு, அப்படியே எழுதிக்கொள்ளலாம்.

தேர்வு மூன்று: பொது, குறிப்பிட்ட முறை, செய்முறை. ஒவ்வொன்றிலும் குறைந்தது 70, மூன்றின் சராசரி 80. இந்தச் சராசரியைப் பலர் கவனிப்பதில்லை. 72, 78, 84 வாங்கியவர் தனித்தனியாக மூன்றிலும் தேறியவர் போலத் தெரிவார். சராசரி 78, ஆகவே தேறவில்லை. மதிப்பெண் இல்லாத சான்றிதழை மூன்றாம் தரப்பு இன்ஸ்பெக்டர் திருப்பிக் கொடுப்பது இதனால்தான்.

அடுத்து, செத்துப்போகும் நாள். புதுப்பிக்க அதிகபட்சம் 5 ஆண்டு. ஆனால் அதற்குள்ளேயே இரண்டு இடத்தில் அது கவிழும். முதலாவது கண் பரிசோதனை. கிட்டப்பார்வை ஆண்டுக்கு ஒருமுறை சோதிக்கப்பட வேண்டும்; 12 அங்குலத்துக்குக் குறையாத தூரத்தில் கிட்டப்பார்வை அட்டையின் ஜேகர் 2 அளவு எழுத்தை, ஒரு கண்ணிலாவது, படிக்க வேண்டும். கண்ணாடி போட்டுப் படிக்கலாம். 'பார்வை 6/6, இயல்பு' என்று டாக்டர் எழுதித் தருவது தூரப்பார்வை. அது செல்லாது. ஜேகர் எண்ணையும் தூரத்தையும் குறிப்பிட்டு எழுதித் தரும்படி கேட்டு வாங்குங்கள். சரக்கு பெயின்ட் அடித்து லாரி ஏறும் நேரத்தில், கண் சோதனை இரண்டு மாதம் முன்பே காலாவதி என்று தெரிந்தால், அந்த இரண்டு மாத ரிப்போர்ட்டுகளும் கேள்விக்குள்ளாகும். பெயின்ட்டைச் சுரண்டி மறுபடி ஸ்கேன் செய்ய வேண்டிய நிலை வரும்.

இரண்டாவது, வேலையை விடுவது. கம்பெனி கொடுத்த சான்று, அந்தக் கம்பெனியை விட்டு வெளியேறும் நாளிலேயே ரத்தாகிவிடுகிறது. பயிற்சி, அனுபவப் பதிவுகள் உங்களுடையவை, அவற்றைப் பெற்றுக்கொண்டே வெளியேறுங்கள். புதிய கம்பெனி அவற்றைப் பார்த்து, தன் நடைமுறைப்படி சோதித்து, தன் பெயரில் புதிதாகச் சான்று தர வேண்டும். பழைய தாளைக் காட்டி 'நான் லெவல் II' என்று இன்னொரு ஷாப்பில் கையெழுத்திடுவது, தாளில் இன்னும் மூன்று ஆண்டு மீதி இருந்தாலும், பொய்யாகிவிடும். பயிற்சி மையமே தன் சொந்த எழுத்து நடைமுறையின் பேரில் தரும் தாள்களுக்கும் இதே கதி. நீங்கள் அந்த மையத்தின் ஊழியர் அல்லவே.

இதனால்தான் சர்வதேசத் தரநிலையான ஐ.எஸ்.ஓ. 9712 வழியையோ, ஐ.எஸ்.என்.டி. நடத்தும் இந்தியத் தரநிலையான ஐ.எஸ். 13805 வழியையோ நான் முன்வைக்கிறேன். இங்கே தேர்வு வைப்பதும் சான்று தருவதும் கம்பெனி அல்ல, வெளியிலுள்ள சான்றளிப்பு அமைப்பு. திறமைக்கான சான்று ஆளோடு போகும். ராணிப்பேட்டையிலிருந்து திருச்சிக்குப் போனாலும் கூடவே வரும். 9712-ல் 5 ஆண்டில் புதுப்பிக்க வேண்டும், 10-வது ஆண்டில் மறுசான்று. கண் சோதனை இங்கும் ஆண்டுதோறும்தான். ஒரு வரம்பு: குறிப்பிட்ட வேலையைச் செய்ய அனுமதி தருவது அப்போதும் வேலை கொடுப்பவரே. செலவும் கூடுதல். ஒரே கம்பெனியில் நெடுநாள் இருக்கப்போகிறவருக்கு, அந்தக் கம்பெனி முறையாக நடத்தினால், 1ஏ போதும். வளைகுடா வேலைகளில் எனக்கு அனுபவம் குறைவு, அங்கே டெண்டரில் எந்தத் தரநிலை கேட்டிருக்கிறார்கள் என்பதைப் படித்துவிட்டுப் பணம் கட்டுங்கள்.

வெல்டிங் இன்ஸ்பெக்டர்களின் சி.டபிள்யூ.ஐ. சான்று இந்தக் காலாவதிப் பிரச்சினையை நேரடியாகக் கையாள்கிறது. அமெரிக்க வெல்டிங் சங்கம் தரும் இந்தச் சான்று 3 ஆண்டுக்கு. அதன் முத்திரையிலேயே பெயர், எண் ஆகியவற்றோடு காலாவதித் தேதியும் செதுக்கப்பட்டிருக்கும். ரிப்போர்ட்டில் குத்தினால் தேதியும் கூடவே விழும். இவர் பெயருக்குப் பின் சி.டபிள்யூ.ஐ. என்று போடுவதில் தவறில்லை, அந்தத் தேதிவரை.

ஆக, விசிட்டிங் கார்டில் பெயருக்குப் பின் பட்டமும், டிப்ளமோவும், எம்.ஐ.இ. போன்ற தரமும் போகட்டும். லெவலைப் பெயரோடு ஒட்டாமல் கீழே ஒரு வரியில் எழுதுங்கள்: 'யூ.டி. லெவல் II, எஸ்.என்.டி-டி.சி-1ஏ, இன்ன கம்பெனியின் எழுத்து நடைமுறைப்படி, இன்ன தேதிவரை'. முறையைச் சொல்லாமல் வெறும் 'லெவல் II' என்று எழுதாதீர்கள். பி.டி.யில் லெவல் II ஆனவர் யூ.டி.யில் ஒன்றுமே இல்லாமலும் இருக்கலாம். கம்பெனியை விட்டபின் 'யூ.டி. லெவல் II ஆகச் சான்று பெற்றிருந்தேன், 2021–2024' என்று இறந்தகாலத்தில் எழுதுங்கள். தேர்வு எழுதி அனுபவ மணி நிரம்பாதவர் 'தேர்வில் தேறியவர்' என்று எழுதட்டும். நேர்முகத்தில் அது குறையாகப் படாது. எந்தெந்த மணி பாக்கி என்று தெரிந்த ஆளை எடுப்பது கம்பெனிக்கும் எளிது.

ஆர்.டி.யில் இன்னொன்றும் உண்டு. லெவல் II சான்று ஃபிலிமைப் படித்து முடிவு சொல்லத்தான் உதவும். கதிர்வீச்சு மூலமான இரிடியம்-192 உள்ள கேமராவைத் தொட, அணுசக்தி ஒழுங்குமுறை வாரியம் ஏற்கும் ரேடியோகிராஃபர் பயிற்சியும் உடலில் படும் கதிர்வீச்சை அளக்கும் டி.எல்.டி. பேட்ஜ் உங்கள் பெயரிலும் வேண்டும். அந்தப் பயிற்சி இல்லாதவர் 'ஆர்.டி. லெவல் II' என்று மட்டும் எழுதினால், கேமராவை இயக்கத் தெரிந்தவர் என்று நினைத்து சைட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். அதனால் அந்த வரியில் 'ஃபிலிம் இன்டர்பிரட்டேஷன் மட்டும்' என்று சேர்த்து எழுதுங்கள்.