சொட்டு நீலம் கூடிப்போன பனி: ஒரு பிராம்ப்டோடு 14 மாதங்கள்

பெரம்பூரில் ஸ்டூடியோ வைத்திருக்கும் நண்பன் போன வாரம் போன் செய்தான். "மச்சான், நீ 249 ரூபாய் கொடுத்து வாங்கின அந்தப் பனி பிராம்ப்ட் இப்போ 49 ரூபாய்க்குக் கிடைக்குது. கிறிஸ்துமஸ் வேலை வருது, வாங்கட்டுமா?" அவனுக்குப் போனில் சரியாகப் பதில் சொல்ல முடியவில்லை. பனிப்படம் வரைந்துகொடு என்று ஏ.ஐ.யிடம் கேட்கும் ஆங்கில வரிகள்தான் அந்த பிராம்ப்ட். 14 மாதங்களாக அதை வைத்துத்தான் வேலை செய்கிறேன், அதன் மேல் எனக்குக் கோபமும் நிறைய இருக்கிறது. அதனால் எழுதிவிடுகிறேன்.

பழைய வண்ணாரப்பேட்டையில் எனக்கு ஒரு சின்ன டிசைன் கடை. ஆல்பம், ஃபிளெக்ஸ், பிறந்தநாள் பேனர். படங்களைக் கடையில் இருக்கும் கம்ப்யூட்டரிலேயே, எழுதிக் கொடுத்தால் படம் போடும் எஸ்.டி.எக்ஸ்.எல். என்ற ஏ.ஐ. மாடலில் எடுக்கிறேன். நான் வாங்கிய பிராம்ப்டின் உயிர்நாடி இந்த ஒரு வரிதான்:

```
snow and ice landscape, crisp cold light,
blue shadows, frost texture, icy, winter
```

வெறும் நிலக்காட்சி எடுத்தால் அழகாகத்தான் வரும். முதல் வாரம் நான் அசந்துபோனேன். மலை, பைன் மரம், நீண்ட நீல நிழல் என்று ஒவ்வொன்றும் காலண்டரில் போடலாம் போல இருந்தது. சிக்கல் ஆள் உள்ளே வந்ததும்தான் ஆரம்பித்தது.

தண்டையார்பேட்டையிலிருந்து ஒரு குடும்பம், குழந்தைக்கு முதல் பிறந்தநாள். சிவப்பு ஃபிராக் போட்ட குழந்தை பனியில் நிற்பது போல வேண்டும் என்றார்கள். பனிக்காட்சியை எடுத்து, குழந்தையின் படத்தை அதில் வைத்து, இரண்டும் ஒட்டுவதற்காக முழுப் படத்தையும் அதே பிராம்ப்டோடு இமேஜ்-டு-இமேஜில், அதாவது இருக்கும் படத்தையே மாடல் திருத்தி வரையும் முறையில், 0.35 அளவு மாற்றத்துக்கு விட்டு ஒருமுறை ஓட்டினேன். திரையில் எனக்குத் தப்பாகத் தெரியவில்லை. பிரிண்ட்டைக் கையில் வாங்கியதும் அந்த அம்மாவின் முகம் மாறிவிட்டது. "அண்ணா, பாப்பாவுக்கு உதடெல்லாம் நீலமா இருக்கே. உடம்பு சரியில்லாத குழந்தை மாதிரி இருக்கு." அப்புறம்தான் நானும் பார்த்தேன். உதட்டில் நீலம், கண்ணுக்குக் கீழே நீலம், வெள்ளை சாக்ஸில் நீலம். பணத்தைத் திருப்பிக் கொடுக்கிறேன் என்றேன், அவர் வாங்கவில்லை. படம் சரியாக வேண்டும் என்றார். அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

காரணம் பிராம்ப்டில் இருக்கும் அந்த இரண்டு சொற்கள். 'நீல நிழல்' என்று எழுதினால் நிழலுக்கு மட்டும்தான் நீலம் என்று நாம் படிக்கிறோம். மாடல் அவ்வளவு கறாராகப் பிரித்துக்கொள்வதில்லை. எழுதிய சொற்கள் எல்லாமே படத்தின் எல்லா இடத்தையும் கொஞ்சம் கொஞ்சம் இழுக்கும். அதனால் நிறம் கசிகிறது. நிழலுக்குச் சொன்ன நீலம் தோலுக்கும் துணிக்கும் வெயில் பட்ட பனிக்கும் போய்விடுகிறது. கூடவே குளிர், ஐஸ், விண்டர் என்று நாலு சொல் சேர்ந்து அதே நீலத்தை இன்னும் அழுத்துகின்றன.

எங்கள் ஏரியாவில் பிறந்தவர்களுக்கு இதைச் சட்டென்று சொல்லிவிடலாம். வெள்ளைத் துணி பழுத்துப்போனால் சொட்டு நீலம் போட்டு அலசுவோம். இரண்டு சொட்டு போட்டால் துணி பளிச்சென்று வெள்ளையாகத் தெரியும். கை தவறி அரை மூடி ஊற்றிவிட்டால் வேட்டி நீல வேட்டியாகிவிடும். இந்த பிராம்ப்ட் ஒவ்வொரு முறையும் அரை மூடி ஊற்றுகிறது.

முதலில் அளவைக் குறைத்துப் பார்த்தேன். 'நீல நிழல்' என்ற சொற்களுக்கு மாடல் தரும் எடையை 0.6 ஆக்கினேன், பிறகு 0.3. முகம் கொஞ்சம் தெளிந்தது, ஆனால் நிழலும் சாம்பலாகிச் செத்துப்போனது. படத்தில் எது வரக்கூடாது என்று எழுதும் நெகட்டிவ் பிராம்ப்டில் நீலம் என்று போட்டபோது படம் முழுக்க மஞ்சள் ஏறியது. சொல்லைக் கூட்டிக் குறைத்து இது சரியாகாது என்று அங்கேதான் புரிந்தது.

பனியில் நிழல் ஏன் நீலமாக இருக்கிறது என்று யோசித்தால் வழி தானாகக் கிடைக்கும். வெயில் நேராக விழாத இடத்துக்கும் வானத்திலிருந்து வெளிச்சம் வருகிறது. தெளிந்த வானம் நீலம். பனி வெள்ளை என்பதால் எந்த வெளிச்சம் விழுகிறதோ அதை அப்படியே திருப்பிக் காட்டும். வானத்தின் நீலம்தான் நிழலில் தெரிகிறது. சூரியன் தாழ்வாக இருந்தால் வெயில் பட்ட பக்கம் லேசாக மஞ்சள் ஏறும், பக்கத்தில் இருக்கும் நிழல் அதனாலேயே இன்னும் நீலமாகத் தெரியும். வானம் மூடியிருந்தால் இது எதுவுமே கிடையாது, நிழலே சரியாக விழாது. அதனால்தான் பனி கொட்டிக்கொண்டிருக்கும் படத்தில் கூர்மையான நிழலைப் பார்த்தால் எனக்கு உறுத்தும். பனி கொட்டும்போது பெரும்பாலும் மேகம் மூடியிருக்கும். மாடலுக்கு அந்தக் கவலை இல்லை, கேட்டால் இரண்டையும் சேர்த்தே போட்டுக்கொடுக்கும்.

ஆக, நிறத்தைச் சொல்வதை விட்டுவிட்டு வெளிச்சத்தைச் சொன்னேன்:

```
snow-covered village path, clear sky,
low morning sun from the left,
long shadows across the snow,
sunlit snow bright white
```

நீலம் என்ற சொல்லே இதில் இல்லை. நிழல் நீலமாகத்தான் வந்தது, அதுவும் இருக்க வேண்டிய இடத்தில் மட்டும். கண்ணை நம்பாமல் கலர் பிக்கரை வைத்துப் பார்த்தேன். அது சிவப்பு, பச்சை, நீலம் என்ற வரிசையில் எண் காட்டும். பழைய படத்தில் வெயில் பட்ட பனியே 205, 222, 245. சிவப்பைவிட நீலம் 40 கூடுதல், அது வெள்ளையே இல்லை. புதிய படத்தில் வெயில் பட்ட பனி 250, 246, 238, நிழல் 150, 172, 205. வெயிலில் சிவப்பு கொஞ்சம் மேலே, நிழலில் நீலம் மேலே. இப்போதும் எந்தப் பனிப்படம் எடுத்தாலும் இந்த இரண்டு இடத்தைத் தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் அடுத்த வேலை. ஃபிளெக்ஸுக்குப் போகும் படத்தில் இது இன்னும் முக்கியம். திரையில் அடர் நீலமாக இருப்பது அச்சில் கத்தரிப்பூ நிறத்துக்கு ஓடிவிடும்.

குழந்தை படத்தையும் மறுபடி செய்தேன். இந்த முறை பனிக்காட்சியைத் தனியாக எடுத்தேன், குழந்தையின் முகத்தை மாடலிடம் கொடுக்கவே இல்லை. வெளிச்சம் இடப்பக்கம் இருந்து வரும் போட்டோவாகப் பார்த்துத் தேர்ந்தெடுத்தேன். நிழலை மல்டிப்ளை லேயரில் கையால் போட்டேன், நிறத்தை அந்தப் படத்தின் நிழலிலிருந்தே எடுத்தேன். தாடைக்குக் கீழே இருந்த கறுப்பைத் தூக்கிவிட்டேன். வெயில் பட்ட பனி கீழிருந்து வெளிச்சத்தை அள்ளி வீசும், அங்கே தாடைக்குக் கீழே இருட்டு இருக்காது. ஸ்டூடியோ போட்டோவைப் பனியில் வைத்தால் ஒட்டுவேலை என்று உடனே தெரிவதற்கு முக்கியக் காரணமே அந்த இருட்டுதான். கடைசியாக ஷூ பனியைத் தொடும் இடத்தை மட்டும் மாஸ்க் போட்டு 0.3 அளவில் ஓட்டினேன். அந்த அம்மா படத்தை வெகு நேரம் பார்த்தார். ஒன்றும் சொல்லாமல் பெரிய சைஸில் இன்னொரு பிரதி கேட்டார்.

சரி, இப்போது நல்லதையும் சொல்லியாக வேண்டும். 'ஃபிராஸ்ட் டெக்ஸ்ச்சர்' என்று அந்த பிராம்ப்டில் இருக்கும் பகுதிதான் எனக்குக் கிடைத்த புதையல். அதை அப்படியே விட்டால் படம் முழுக்க, வானத்தின் மேல்கூட, வால்பேப்பர் ஒட்டியது போல இறகு வடிவம் போட்டுவிடும். எதன் மேல், எந்த மாதிரி உறைபனி என்று சொல்லிவிட்டால் அதன் போக்கே வேறு.

```
macro, hoarfrost on a bare twig,
feathery ice crystals, backlit by low sun
```

இதற்கு வந்த படத்தைப் பார்த்ததும் எனக்கு அம்மா வீட்டுப் பழைய ஃபிரிட்ஜ் நினைவுக்கு வந்தது. ஃபிரீசருக்குள் டார்ச் அடித்துப் பார்த்தேன். சுவரில் வெள்ளையாகப் படிந்திருந்தது முழுக்கக் குட்டிக் குட்டி இறகுகள். காற்றில் இருக்கும் ஈரம் தண்ணீராகாமல் நேராகவே ஐஸாகப் படிவதால் வரும் வடிவம் அது. குளிர் நாட்டில் மரக்கிளையில் படிவதும் அதேதான். 38 வருடமாக அந்த வீட்டில் ஐஸைக் கத்தியால் சுரண்டித் தள்ளியிருக்கிறேன், ஒருநாளும் உற்றுப் பார்த்ததில்லை. இந்தப் படத்தால்தான் பார்த்தேன். அதற்காக மட்டும் இந்த பிராம்ப்டுக்கு நான் நன்றி சொல்வேன்.

ஆனால் ஐஸ் என்று வந்ததும் மறுபடி கோபம். காசிமேட்டில் ஒரு மீன் வியாபாரி பேனர் கேட்டார், ஐஸ் மேல் வஞ்சிரம் அடுக்கியிருப்பது போல. 'ஐசி' என்ற சொல்லை வைத்து எடுத்தால் ஐஸ் எல்லாம் நீலக் கண்ணாடிக் கட்டிகளாக வந்தன. அவர் பார்த்ததும் சொன்னார், "தம்பி, இது பிளாஸ்டிக். ஐஸ் பாரை நீ பார்த்ததே இல்லையா?" மறுநாள் விடியற்காலை துறைமுகத்துக்குப் போனேன். ஐஸ் பாரின் ஓரம் கண்ணாடி மாதிரி தெளிவு, நடுவில் பால் போல வெள்ளை. தண்ணீர் வெளியிலிருந்து உள்ளே உறையும்போது கரைந்திருக்கும் காற்றையும் உப்பையும் நடுவுக்குத் தள்ளிக்கொண்டே போகிறது, கடைசியில் உறையும் நடுப்பகுதியில் குமிழிகள் மாட்டிக்கொள்கின்றன. நீலம் எங்கேயும் இல்லை. ஐஸ் சிவப்பு ஒளியைக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் விழுங்கும், பனிப்பாறை போலப் பல அடி கனம் இருந்தால்தான் கண்ணுக்கு நீலம் தெரியும். ஓரம் தெளிவு, நடுவில் வெள்ளை, உள்ளே குமிழி, மேலே உடைத்த தூள் என்று எழுதியதும் படம் சரியாக வந்தது. அண்ணன் அந்த பேனரை இன்னும் கழற்றவில்லை.

நண்பனுக்கு என் பதில்: வாங்காதே. 49 ரூபாய்க்கும் வேண்டாம். காசு கொடுத்து வாங்கிய வரியில் என்னிடம் இன்று மிச்சம் இருப்பது 'ஃபிராஸ்ட்' என்ற ஒரே சொல். மற்றதெல்லாம் நான் அழித்து எழுதியது, அதை மேலே அப்படியே போட்டிருக்கிறேன், எடுத்துக்கொள். ராயபுரத்திலிருந்து எனக்கும் ஒரு கிறிஸ்துமஸ் குடில் பின்னணி வந்திருக்கிறது, பத்துக்கு எட்டு அடி. இரவுக்காட்சி கேட்கிறார்கள். நிலா வெளிச்சத்தில் நிழல் எப்படி விழும் என்று இனிமேல்தான் யோசிக்க வேண்டும்.