சீன மொழியில் காலம்: மேல்-கீழா, முன்-பின்னா?

மாண்டரின் படிக்கத் தொடங்கியவர்கள் 'போன', 'அடுத்த' என்று சொல்ல வரும்போது தடுமாறுவது இந்த இரண்டு ஜோடிகளுக்கு நடுவில்தான்: ஷாங் (மேல்), ஷியா (கீழ்), ச்சியென் (முன்), ஹோ (பின்).

நமக்கு எது எளிது?
முன்-பின்: ச்சியென்தியென் என்றால் முந்தாநாள், ஹோதியென் என்றால் நாளை மறுநாள். நம்மைப் போலவே கடந்தது 'முன்', வருவது 'பின்'.
மேல்-கீழ்: ஷாங் கெ யுவெ, அதாவது 'மேல் மாதம்', போன மாதம். ஷியா கெ யுவெ அடுத்த மாதம். நாம் 'பத்து மணிக்கு மேல் வா' என்றால் பத்துக்குப் பிறகு என்று பொருள். அங்கே நேர்த் தலைகீழ். இந்த இடத்தில்தான் தமிழர் சறுக்குவது.

எதோடு சேரும்?
மேல்-கீழ்: வாரம், மாதம். நாளோடு ஒட்டாது, ஷாங்தியென் என்றால் வானம், தெய்வம் என்று அர்த்தம் மாறிவிடும்.
முன்-பின்: நாள், ஆண்டு. ஆனால் ஒரு படி தள்ளி நிற்கும். ச்சியென்நியென் போன வருடம் அல்ல, அதற்கும் முந்தின வருடம். போன வருடத்துக்கு ச்சூநியென் என்று தனிச்சொல் உண்டு.

எண் வந்தால்?
மேல்-கீழ் இங்கே உதவாது. 'ஸான் தியென் ச்சியென்' மூன்று நாளுக்கு முன். ச்சியென்னை எண்ணுக்கு முன்னால் போட்டால் பெரும்பாலும் 'முதல் மூன்று நாள்' ஆகிவிடும்.

ஆக, போன வாரம், அடுத்த மாதம் சொல்ல மேல்-கீழ். இத்தனை நாளுக்கு முன், பின் என்று எண்ணிச் சொல்ல முன்-பின்.