ஆனந்தக் கண்ணீர் எந்த நொடியில் வருகிறது? மூன்று விளக்கங்களின் ஒப்பீடு

நான்கு ஆண்டுகளுக்குப் பிறகு திரும்பி வந்த மகனை அழைத்து வர என் அக்கா விமான நிலையத்துக்குச் சென்றபோது நானும் உடன் போயிருந்தேன். விமானம் இரண்டு மணி நேரம் தாமதமாக வந்தது. அந்த இரண்டு மணி நேரமும் அக்கா உட்காரவே இல்லை. அறிவிப்புப் பலகையைப் பார்ப்பதும், கைப்பேசியை எடுத்துப் பார்த்துவிட்டு உள்ளே வைப்பதும், நா உலர்ந்து தண்ணீர் குடிப்பதுமாக நின்றுகொண்டிருந்தார். கண்ணில் ஈரம் இல்லை. கண்ணாடிக் கதவுக்கு அப்பால் அவன் முகம் தெரிந்ததும் வாய்விட்டுச் சிரித்து, கையை உயர்த்தி அசைத்தார்; அப்போதும் அழவில்லை. அவன் தள்ளுவண்டியை ஓரமாக விட்டுவிட்டு வந்து தோளில் கை வைத்த பிறகுதான் அவருடைய உதடு துடித்தது, தொண்டை அடைத்தது, கண்ணீர் பொலபொலவென்று உதிர்ந்தது. மகனைக் கண்ட மகிழ்ச்சிக்கும் கண்ணீருக்கும் இடையே ஏறக்குறைய ஒரு நிமிடம் கடந்திருந்தது.

அளவு கடந்த மகிழ்ச்சியில் மனிதர் ஏன் அழுகிறார்கள் என்பதற்கு உளவியலில் பல விளக்கங்கள் உண்டு. அவற்றில் மூன்றை எடுத்துக்கொண்டு, அந்த ஒரு நிமிடத்தை எது சரியாக விளக்குகிறது என்று பார்க்க விரும்புகிறேன். மகிழ்ச்சி எவ்வளவு பெரியது என்பதை அளக்க முடியாது; கண்ணீர் எப்போது வந்தது என்பதை அருகில் நிற்பவர் எவரும் பார்க்கலாம். ஆகவே, கண்ணீர் வரும் நேரமே இவ்விளக்கங்களைச் சோதிக்க நல்ல அளவுகோல் என்று கருதுகிறேன்.

முதலாவது, இறுக்கம் தளரும்போது கண்ணீர் வருகிறது என்னும் விளக்கம். ஜே எஃப்ரான், திமோதி ஸ்பேங்லர் என்னும் இருவர் 1979ஆம் ஆண்டு இதை முன்வைத்தனர். அழுகைக்கு இரண்டு கட்டங்கள் உண்டு என்பது அவர்கள் கருத்து: முதலில் உடலும் மனமும் முறுக்கேறுகின்றன; பிறகு ஏதோ ஒன்று அந்த முறுக்கைச் சட்டென்று அவிழ்க்கிறது. கண்ணீர் முறுக்கேறும்போது வருவதில்லை, அவிழும்போது வருகிறது. அவிழ்ப்பது நல்ல செய்தியாக இருந்தால் அதை ஆனந்தக் கண்ணீர் என்கிறோம். இனி ஒன்றும் செய்வதற்கில்லை என்று கைவிடும் நிலையாக இருந்தால் துயரக் கண்ணீர் என்கிறோம். இரண்டிலும் உடலுக்குள் நடப்பது ஒன்றே என்பதுதான் இக்கருத்தின் துணிவு.

இதற்கு உடற்கூறும் ஓரளவு துணை நிற்கிறது. கண்ணின் வெளியோர மேற்புறத்தில் அமைந்துள்ள கண்ணீர்ச் சுரப்பியைப் பெரும்பாலும் இயக்குவது எதிர்ப்பரிவு நரம்பு மண்டலம். அதாவது, நாம் இளைப்பாறும்போதும் உணவு செரிக்கும்போதும் மேலோங்கி நிற்கும் பகுதி. அச்சத்திலும் பதற்றத்திலும் மேலோங்குவது பரிவு நரம்பு மண்டலம். காத்திருந்த இரண்டு மணி நேரத்தில் அக்காவுக்கு நா உலர்ந்தது பரிவு நரம்பின் வேலை. தோளில் கை பட்டதும் கண் நிறைந்தது எதிர்ப்பரிவு நரம்பின் வேலை. சுரக்கும் நீர் வழக்கமாகக் கண்ணின் உள்மூலையிலுள்ள சிறு துளைகள் வழியாக மூக்குக்குள் வடிந்துவிடும். அவ்வழி கொள்ளாத அளவுக்குப் பெருகும்போதுதான் கன்னத்தில் வழிகிறது. அழும்போது மூக்கு ஒழுகுவதும் இதனால்தான்.

இதே கருத்துக்கு 1952ஆம் ஆண்டிலேயே ஜோசஃப் வைஸ் என்னும் உளப்பகுப்பாய்வாளர் வேறொரு வடிவம் கொடுத்திருந்தார். ஆபத்து நீங்காதவரை மனம் தன் துயரத்தை அடக்கி வைத்திருக்கிறது. இனி அஞ்ச வேண்டியதில்லை என்று உறுதியான பிறகே அதை வெளியே விடுகிறது என்றார் அவர். கூட்டத்தில் தொலைந்துபோன குழந்தையைக் கவனித்தவர்களுக்கு இது எளிதில் விளங்கும். சில குழந்தைகள் கலங்கிய முகத்தோடு அங்குமிங்கும் தேடிக்கொண்டிருக்கும், ஆனால் அழாது. தாயைக் கண்டதும் ஓவென்று கதறும். அந்தக் கதறல் அதுவரை அடக்கி வைத்திருந்த அச்சத்துக்கு உரியது. தாய் கிடைத்ததால் அச்சப்படுவதற்கு அனுமதி கிடைத்துவிட்டது. நான்கு ஆண்டுகளாக ‘நன்றாக இருக்கிறேன்’ என்றே தொலைபேசியில் சொல்லி வந்த அக்காவுக்கும் இது பொருந்தும் என்று எனக்குத் தோன்றுகிறது.

ஆனால் இவ்விளக்கத்தில் ஓர் இடர்ப்பாடு உண்டு. அழுகிறவர்களின் உடல் அளவீடுகளை எடுத்துப் பார்த்தபோது, அழத் தொடங்கும் தறுவாயில் இதயத் துடிப்பு குறையவில்லை, கூடியது. அமைதி சிறிது நேரம் கழித்தே, படிப்படியாக வந்தது. ஆகவே கண்ணீர் துளிர்க்கும் நொடியிலேயே உடல் முழுவதும் தளர்ந்துவிடுகிறது என்று சொல்ல இயலாது. தளர்வதற்கான முதல் திருப்பம் அது என்று மட்டுமே சொல்லலாம். அழுதால் உடனே மனம் இலேசாகிவிடும் என்ற நம்பிக்கைக்கும் இந்த எல்லை பொருந்தும்.

இரண்டாவது விளக்கம்தான் இன்று செய்திகளில் அதிகம் அடிபடுவது. யேல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஒரியானா அரகோன் குழுவினர் 2015ஆம் ஆண்டு இதை வெளியிட்டனர். ஓர் உணர்வு நம்மால் தாங்க முடியாத அளவுக்கு ஓங்கும்போது, அதற்கு எதிரான உணர்வின் வெளிப்பாடு வந்து அதைச் சமன் செய்கிறது என்பது இதன் சாரம். கொழுகொழுவென்ற குழந்தையைக் கண்டால் கன்னத்தைக் கிள்ளவும் கடித்துவிடுவேன் என்று கொஞ்சவும் தோன்றுவது இதே வகை. குழந்தைகளின் படங்களைக் காட்டிச் சோதித்தபோது, மகிழ்ச்சியில் திணறி இவ்வாறு கிள்ளத் தூண்டப்பட்டவர்களின் உணர்வு அடுத்த சில நிமிடங்களில் மற்றவர்களைவிட விரைவாகத் தணிந்தது. அவ்வாறு கிள்ளத் தோன்றும் இயல்புடையவர்கள் மகிழ்ச்சியான தருணங்களில் அழுபவர்களாகவும் இருந்தார்கள்.

கருத்து அழகானது, ஆயினும் கண்ணீரைப் பொறுத்தவரை இதற்குள்ள சான்று, பரவியிருக்கும் புகழைவிட மெலிந்தது. தணிவு அளக்கப்பட்டது குழந்தைகளின் படங்களைப் பார்த்தவர்களிடம். பிரிந்தவர் கூடும் இடத்தில் நின்று அழுதவர்களிடம் அல்ல. மேலும், கண்ணீர் ஓங்கிய மகிழ்ச்சியைச் சமன் செய்ய வருவதாக இருந்தால், எதிர்பாராமல் பெரும் பரிசு வென்றவரும் தம் அணி கடைசி நொடியில் வென்றதைக் கண்டவரும்தான் முதலில் அழ வேண்டும். அவர்களில் பெரும்பாலோர் கத்துகிறார்கள், குதிக்கிறார்கள், முட்டியை மடக்கிக் காற்றில் குத்துகிறார்கள். அக்காவும் மகனை முதலில் கண்டபோது இந்த வகையில்தான் நடந்துகொண்டார். அரகோனே ஜான் பார்குடன் சேர்ந்து 2018இல் வெளியிட்ட ஆய்வில் இந்த வேறுபாட்டை எடுத்துக்கொண்டார்: முன்னே பாயத் தூண்டும் மகிழ்ச்சி ஆவேசமான முகமாகவும், ‘இது போதும், இங்கேயே நிற்க வேண்டும்’ என்னும் மகிழ்ச்சி அழுகை முகமாகவும் வெளிப்படுகிறது என்றார். இந்தத் திருத்தம் எனக்கு மூலக் கருத்தைவிட மதிப்புள்ளதாகப் படுகிறது. கை அசைத்த மகிழ்ச்சி, ‘வா’ என்றது; தோளில் கை பட்டபின் வந்த மகிழ்ச்சிக்கு வேண்டியது எதுவும் மீதமில்லை. ஆனால் இப்படித் திருத்திக்கொண்ட பிறகு அது முதல் விளக்கத்துக்கு மிக நெருங்கி வந்துவிடுகிறது.

முதல் இரண்டு விளக்கங்களும் பதில் சொல்லத் திணறும் ஒருவர் அன்று வாயிலில் இருந்தார். எங்களுக்கு அடுத்து நின்ற, யாரென்றே தெரியாத ஒரு முதியவர், அக்காவும் மகனும் அணைத்துக்கொண்டதைப் பார்த்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அவர் எங்கள் பையனுக்காகக் காத்திருக்கவில்லை. அவிழ்வதற்கு அவரிடம் எங்களைச் சார்ந்த இறுக்கம் இல்லை. தாங்க முடியாத பேரானந்தம் அவருக்கு இருந்திருக்கும் என்றும் சொல்வதற்கில்லை.

இந்த இடத்தில்தான் மூன்றாவது விளக்கம் வலுப்பெறுகிறது. மானுடவியலாளர் ஆலன் ஃபிஸ்க், உளவியலாளர்கள் பியாட்டே சைப்ட், தாமஸ் ஷூபர்ட் ஆகியோர், இது வெறும் மகிழ்ச்சியே அல்ல, தனியான ஓர் உணர்வு என்கிறார்கள். ‘அன்பால் அசைக்கப்படுதல்’ என்று பொருள்படும் ஒரு சமஸ்கிருதத் தொடரை அதற்குப் பெயராக வைத்திருக்கிறார்கள். தமிழில் அதற்குப் புதிய பெயர் தேட வேண்டியதில்லை. நெகிழ்ச்சி என்று நாம் எப்போதும் சொல்வது அதையே. இருவருக்கிடையே உள்ள பிணைப்பு திடீரென்று இறுகும்போதோ அவ்வாறு இறுகுவதைக் காணும்போதோ இவ்வுணர்வு எழுகிறது. கண் நனைவது, மெய் சிலிர்ப்பது, நெஞ்சுக்குள் ஓர் இளஞ்சூடு பரவுவது ஆகியவை அதன் அடையாளங்கள். 19 நாடுகளில் 15 மொழிகள் பேசுவோரிடையே நடத்தி 2019இல் வெளியான ஆய்வில் இவை சேர்ந்தே காணப்பட்டன.

இதில் முக்கியமான சொல் ‘திடீரென்று’ என்பது. ஒரே வீட்டில் நாள்தோறும் அன்போடு வாழ்பவர்கள் நாள்தோறும் நெகிழ்வதில்லை. அன்பு ஒரே அளவில் இருக்கும்போது கண் நனைவதில்லை, அது ஒரு படி ஏறும்போது நனைகிறது. திருமணத்திலும் அப்படித்தான்: பல மாதம் ஏற்பாடு செய்து, பல மணி நேரம் நடக்கும் நிகழ்வில், உறவு மாறிவிட்டது என்று எல்லோரும் அறியும் ஒரு சில நொடிகளில் மட்டும் பல கண்கள் ஒருசேர நனைகின்றன. பெண்ணைப் பெற்றவரின் கண்ணீரில் பிரிவின் துயரமும் கலந்திருக்கிறது என்பது உண்மையே; ஆனால் பிரிந்துபோக யாரும் இல்லாத தோழியும் அதே நொடியில் அழுகிறாளே, அவளுக்குக் கலந்த துயரம் எது? இவ்விளக்கத்திலும் ஒரு குறை உண்டு. நெகிழ்ச்சியில் பலருக்குச் சிலிர்ப்பு மட்டும் வருகிறது, சிலருக்குக் கண்ணீரும் வருகிறது. அந்த வேறுபாட்டை அது தெளிவாகச் சொல்வதில்லை.

ஆகவே, அக்காவின் கண்ணீருக்கு முதல் விளக்கத்தையே நான் முன்னிறுத்துவேன். அந்த ஒரு நிமிடத் தாமதத்தை, அதாவது கண்டபோது வராமல் தொட்டபோது வந்ததை, அதுவே நேராக விளக்குகிறது. பக்கத்தில் நின்ற முதியவரின் கண்ணீருக்கு மூன்றாவதை முன்னிறுத்துவேன். ஒருவருடைய கண்ணீர் எவ்வகை என்று அறிய வேண்டுமானால், அதற்கு முந்தைய மணி நேரத்தில் அவர் எப்படி இருந்தார் என்பதைப் பார்க்க வேண்டும்: பதற்றத்தில் இருந்தாரா, அமைதியாக இருந்தாரா?

அக்காவின் மகன் விமான நிலையத்தில் அழவில்லை. வீட்டுக்கு வந்து, சாப்பிட்டு, எல்லோருடனும் இரண்டு மணி நேரம் சிரித்துப் பேசிக்கொண்டிருந்தான். பிறகு படுப்பதற்காகத் தன் அறைக்குப் போனான். மேசை மேல் அவன் நான்கு ஆண்டுகளுக்கு முன் பாதி படித்துவிட்டு வைத்திருந்த புத்தகம், அதே பக்கத்தில் அடையாளத் தாளோடு, தூசி துடைக்கப்பட்டு இருந்தது. அதைக் கையில் எடுத்தவன் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்து தேம்பி அழுதான். அப்போது அவனிடம் அவிழ்வதற்கு எந்த இறுக்கமும் இல்லை.