30 டிகிரியில எத்தனை கலர்? பெருக்கல் வழி, விகித வழி ரெண்டையும் வச்சு ஒரு அலசல்

சம இடைவெளியில நெருக்கமா பிளவுகள் உள்ள கிரேட்டிங்ல வெள்ளை வெளிச்சத்தை நேரா விட்டா நடுவுல இருந்து ரெண்டு பக்கமும் ஆர்டர் ஆர்டரா ஸ்பெக்ட்ரம் விரியும். முதல் ஆர்டர் ஸ்பெக்ட்ரம் தனியா, சுத்தமா நிக்கும், அதுக்கு அப்புறம் வர்ற ஆர்டரெல்லாம் ஒண்ணு மேல ஒண்ணு ஏறிக்கும். ஒரு ஆங்கிள்ல எந்தெந்த வேவ்லெங்த் சேர்ந்து விழுதுன்னு கண்டுபிடிக்க ரெண்டு வழி இருக்கு, ஆளாளுக்கு ஒண்ணை பிடிச்சுக்கிட்டு அதுதான் சரின்னு சொல்வாங்க.

முதல்ல பெருக்கல் வழி. d sinθ = mλ, இதுல d ரெண்டு கோட்டுக்கு நடுவுல உள்ள இடைவெளி, θ ஆங்கிள், m ஆர்டர் நம்பர், λ வேவ்லெங்த். ஆங்கிள் தெரிஞ்சா இடது பக்கம் ஒரே ஒரு நம்பர்தான். ஒரு மில்லிமீட்டருக்கு 300 கோடு உள்ள கிரேட்டிங்னா d சுமார் 3333 நானோமீட்டர், 30 டிகிரிக்கு sinθ பாதி, ஆக 1667. இனிமே வேலை வகுக்குறது மட்டும்தான்: 1ஆல வகுத்தா 1667, 2ஆல 833, ரெண்டும் இன்ஃப்ராரெட், கண்ணுக்கு தெரியாது. 3ஆல 556, பச்சை. 4ஆல 417, வயலட். 5ஆல 333, அது அல்ட்ராவயலட்டுக்கு போயிடுது. பாக்குற எல்லையை 400ல இருந்து 700னு வச்சுக்கிட்டா, 30 டிகிரியில மூணாவது ஆர்டர் பச்சையும் நாலாவது ஆர்டர் வயலட்டும் ஒரே இடத்துல. ஒரு நிமிஷ வேலை.

விகித வழியில ஆங்கிளே வேண்டாம். சேர்ந்து விழுற எல்லாத்துக்கும் mλ ஒண்ணுதான், அதனால 3 × 556 = 4 × 417. இதோட பலம் என்னன்னா d தெரியாத கிரேட்டிங்குக்கும் பொருந்தும். ரெண்டாவது ஆர்டர் mλ கணக்குல 800ல இருந்து 1400 வரைக்கும் பரவுது, மூணாவது 1200லயே ஆரம்பிச்சுடுது, அப்போ 1200 முதல் 1400 வரை மோதல், அதாவது ரெண்டாவது ஆர்டரோட 600-700 சிவப்பு மேல மூணாவது ஆர்டரோட 400-467 வயலட்-நீலம் உக்காந்துடும். எந்த கிரேட்டிங்கா இருந்தாலும் இதுதான் (அந்த ஆர்டர் வர்ற அளவுக்கு d இருக்கணும், அவ்ளோதான்). முதல் ஆர்டர் 700லயே முடிஞ்சுடுறதால அதுக்கு இந்த தொல்லையே இல்ல.

அப்போ எது மேல்? ஆங்கிள் கொடுத்து கேட்டா நான் பெருக்கல் வழிக்குதான் போவேன், ஏன்னா விகித வழியில ஒரு கலரையாவது முன்னாடியே தெரிஞ்சு வச்சிருக்கணும். ஆனா பெருக்கல் வழிக்கு ஒரு பலவீனம் இருக்கு, கிரேட்டிங் லேசா திரும்பி இருந்தா ஏமாத்திடும். 2 டிகிரி சாய்ஞ்சிருக்குன்னு வச்சுக்கோங்க, நேர் பீம்ல இருந்து 30 டிகிரி அளந்தா ஒரு பக்கம் 550னு இருக்க வேண்டிய பச்சை மறுபக்கம் 560 ஆயிடும், நாம ரெண்டு பக்கமும் 556னு எழுதி வச்சிருப்போம். அந்த 3:4 விகிதம் மட்டும் சாய்ஞ்சாலும் மாறாது. ஒரே கலரை ரெண்டு பக்கமும் அளந்து பாருங்க, ஆங்கிள் சமமா இல்லன்னா கிரேட்டிங் திரும்பி இருக்குன்னு அர்த்தம், சராசரி எடுத்தா பெரும்பாலும் சரியாயிடும்.

இன்னொண்ணு, கணக்கு வந்ததால கண்ணுக்கு தெரியும்னு இல்ல. நான் முதல் தடவை பாத்தப்போ வெறும் பச்சைதான்னு ரெக்கார்ட்ல எழுதிட்டேன், ஏன்னா 417ஐ நம்ம கண்ணு ரொம்ப மங்கலாதான் பாக்கும், பச்சை அதை முழுங்கிடும். போதாக்குறைக்கு பிளவோட அகலம் சரியா d-ல பாதியா இருந்தா 2, 4, 6ன்னு இரட்டைப்படை ஆர்டரே காணாம போயிடும், அப்போ அந்த வயலட் நிஜமாவே இருக்காது.

இதை சோதிக்கவும் ரெண்டு வழி, ஃபில்டர் இல்லன்னா பிரிசம். நீலத்தை தடுக்குற மஞ்சள் ஃபில்டரை வச்சா 417 போயிடும், 556 அப்படியே நிக்கும். நீல ஃபில்டரை வச்சா பச்சை அடங்கி வயலட் தனியா தலை காட்டும். 300 கோட்டுக்கு இது தாராளமா போதும், ரெண்டு கலருக்கும் நடுவுல 139 நானோமீட்டர் இடைவெளி இருக்கே.

100 கோடு கிரேட்டிங்கை அதே 30 டிகிரியில வச்சா கதை மாறிடும். இப்போ பெருக்கல் 5000, அதை 8ல இருந்து 12 வரை வகுத்தா 625, 556, 500, 455, 417ன்னு அஞ்சு கலர் ஒரே இடத்துல குவிஞ்சு வெளிறிப்போய் தெரியும். கடைசி ரெண்டுக்கும் நடுவுல 38தான், அதை சாதா கலர் ஃபில்டரால பிரிக்க முடியாது. இங்க பிரிசம்தான் ஆளு. கிரேட்டிங் பக்கவாட்டுல விரிக்குதுன்னா பிரிசம் மேலும் கீழுமா விரிக்குற மாதிரி குறுக்க வைக்கணும், ஒவ்வொரு வேவ்லெங்தும் வேற வேற அளவு வளையுறதால ஒவ்வொரு ஆர்டரும் தனித்தனி சாய்வு பட்டையா பிரிஞ்சுடும், 30 டிகிரி கோட்டுல மேல இருந்து கீழ வரைக்கும் அந்த அஞ்சையும் எண்ணிடலாம். நட்சத்திர வெளிச்சத்தை அலசுற எஷெல் ஸ்பெக்ட்ரோகிராஃப்ல இதே குறுக்கு ஏற்பாடுதான், அங்க ஆர்டர் நம்பரே பல பத்துல ஓடும்.